மூன்று ஸ்டாப்லாஸ் அடித்த வாரம் எழுதவேண்டிய குறிப்பு

ஓசூரில் ஷிப்ட் வேலைக்கு நடுவே ஸ்விங் டிரேடிங் செய்பவர்கள், ஞாயிறன்று லாப நட்டத்தை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எழுதுங்கள்: ஸ்டாப் அடித்தபின் விலை எங்கே போனது?

தொடர்ந்து இறங்கியிருந்தால் ஸ்டாப் தன் வேலையைச் செய்தது, கோளாறு என்ட்ரியில். திரும்பி டார்கெட்டைத் தொட்டிருந்தால் ஸ்டாப் நெருக்கம். 500 ரூபாய்க்கு வாங்கி 494-இல் ஸ்டாப் வைத்த பங்கின் 14 நாள் ATR எனும் சராசரி தினசரி ஏற்ற இறக்கம் 11 ரூபாய் என்றால், அன்றாட ஆட்டமே 6 ரூபாய் ஸ்டாப்பைத் தட்டிவிடும். ATR-இன் ஒன்றரை மடங்கு, அதாவது 16.50 ரூபாய் இடைவெளி விட்டு 483.50-இல் வையுங்கள். 6 ரூபாய் ஸ்டாப்பில் 100 பங்கு வாங்கியிருந்தால் ரிஸ்க் 600 ரூபாய்; அது தாண்டாமலிருக்க 100 பங்கு 36 ஆகவேண்டும். ஸ்டாப்பை மட்டும் அகலமாக்கி எண்ணிக்கையைக் குறைக்காமல் விடுவதுதான் பலரும் செய்வது. நட்டம் 1,650 ஆகிவிடும். கேப்-டவுனில் திறந்தால் அதற்கும் மேல் போகலாம்.