கொரங்காட்டு ஈசல்: பிடிப்பது, வறுப்பது, புரதக் கணக்குப் பார்ப்பது

சித்திரை மழை பெய்து விட்ட சாயங்காலம், காங்கேயம் பக்கம் எங்கள் அம்மாயி வீட்டு வாசலில் பல்பைப் போட்டு, அடியில் அண்டாவை வைத்துவிடுவார்கள். மறுநாள் பொரியும் பொட்டுக்கடலையும் கலந்த வறுத்த ஈசல் பள்ளிக்கூடப் பைக்குள் இருக்கும். இப்போது பூச்சிப் புரதம் பற்றிப் படித்துவிட்டு நிறையப் பேர் ஈசலை வறுத்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அம்மாயி செய்த முறையில் ஒரே ஒரு படியைக் கூட்டி, புதிதாகச் செய்பவர்களுக்காக எழுதுகிறேன். கூடவே, "கறியைவிட இரண்டு மடங்கு புரதம்" என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், உங்களுக்கு இறால் ஒத்துக்கொள்ளுமா?

இதற்குப் பதில் தெரியாமல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். இறால், நண்டின் தசையில் ட்ரோபோமயோசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. இறால் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கிட்டத்தட்ட அதே புரதம் பூச்சிகளிலும், வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணியிலும் உண்டு. உடம்புக்கு இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சூட்டிலும் அது எளிதில் சிதையாது, அதனால் எவ்வளவு வறுத்தாலும் இந்த ஆபத்து போகாது.

என் சித்தி மகனுக்கு இறால் ஆகாது. அது தெரிந்தும், ஈசல் வேறுதானே என்று நான் நாலைந்து கொடுத்துவிட்டேன். பத்தே நிமிடத்தில் உதடு தடித்து, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. அன்றிலிருந்து இறால், நண்டு ஆகாதவர்களுக்கு நான் கொடுப்பதே இல்லை. தூசி ஒவ்வாமை, ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். மற்றவர்களும் முதல் தடவை நாலைந்து மட்டும் சாப்பிட்டுவிட்டு அன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாய் அரிப்பு, தடிப்பு, வாந்தி எது வந்தாலும் மறுபடி தொடாதீர்கள். மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

எந்த இடத்து ஈசல்?

தோட்டத்து ஈசலைவிடக் கொரங்காட்டு ஈசல்தான் என் கணக்கில் நல்லது. கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலா மரமும் வளரவிட்டு, மாடு மேய்வதற்கென்றே வைத்திருக்கிற நிலம் அது. அங்கே வழக்கமாக யாரும் மருந்து அடிப்பதில்லை. பருத்தி, மஞ்சள், மக்காச்சோளம் போட்ட காட்டிலும் தென்னந்தோப்பிலும் அப்படிச் சொல்ல முடியாது. அதிலும் கரையானுக்கென்றே மண்ணில் குளோர்பைரிபாஸ் ஊற்றுகிற வழக்கம் இருக்கிறது. கட்டட அஸ்திவாரத்துக்கு ஊற்றும் அளவில் அது வருடக்கணக்கில் மண்ணில் தங்கக்கூடியது. ஈசல் என்பது சிறகு முளைத்த கரையான்தான். மருந்து பட்ட புற்றிலிருந்து கிளம்புவது உடம்பில் மருந்தோடுதான் வரும், அதை வறுத்துப் போக்கலாம் என்று நம்பக் கூடாது. காட்டுக்காரரிடம் கடைசியாக எப்போது, என்ன மருந்து போட்டார் என்று கேளுங்கள். அவருக்கே நினைவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

தெருவிளக்கின் கீழ் கூட்டி அள்ளுவதும் வேண்டாம். சாக்கடையும் வண்டிப் புகையும் கலந்த தரை அது.

பிடிப்பது

மழை விட்டு, காற்று அடங்கி, இருட்டு கட்டும் நேரத்தில் வாசலில் ஒரே ஒரு பல்பை மட்டும் எரியவிட்டு, வீட்டுக்குள் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். பல்புக்கு நேர் கீழே அகல வாய் அண்டாவில் இரண்டு விரல் உயரம் நல்ல தண்ணீர் ஊற்றி வையுங்கள். வெளிச்சத்துக்கு வந்த ஈசல் தண்ணீரில் விழும், சிறகு நனைந்தால் எழும்ப முடியாது. அரை மணிக்கு ஒரு தடவை வடிதட்டில் அள்ளிவிட வேண்டும். இரவெல்லாம் ஊறவிட்டுக் காலையில் எடுத்தால் வயிறு உப்பி, புளித்த வாடை அடிக்கும். அப்படி அடித்தால் கொட்டிவிடுங்கள்.

புற்றுக்குள் கையைவிட்டுப் பிடிக்க யாரையும் விடாதீர்கள். ஆள் இல்லாத புற்றில் பாம்பு குடியிருப்பது நம் ஊரில் புதிதல்ல.

அள்ளியதும் பொறுக்க உட்காருங்கள். இங்கே அவசரம் கூடாது, ஏனென்றால் விளக்குக்கு ஈசல் மட்டும் வருவதில்லை. ஈசலுக்கு நாலு சிறகும் ஒரே நீளம், உடம்பைவிட நீளமாக இருக்கும். கழுத்திலிருந்து வால்வரை இடுப்பே தெரியாத ஒரே தடிமன். சிறகு வைத்த எறும்பும் கூடவே விழும். அதற்கு முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது, இடுப்பு நூலாக இறுகியிருக்கும். அதை எடுத்துப் போடுங்கள். இன்னொன்று, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும் மெல்லிய பூச்சி, அரை விரல் அகலம்கூட நீளமிருக்காது. அதைக் கையால் நசுக்கவே கூடாது. சாறு பட்ட இடம் மறுநாள் நெருப்புப் பட்டதுபோல் வெந்து கொப்பளிக்கும். குச்சியால் தள்ளிவிட்டால் போதும்.

சிறகு நீக்குவது, ஒரு கொதி விடுவது

வடிந்த ஈசலை எண்ணெய் இல்லாத வடச்சட்டியில் மெல்லிய தீயில் நாலைந்து நிமிடம் புரட்டுங்கள். ஈரம் வற்றியதும் சிறகு தானாகக் கழன்று, உமி மாதிரி மேலே மிதக்கும். முறத்தில் கொட்டி, காற்றுப் பக்கம் பார்த்துப் புடைத்தால் சிறகு பறந்துவிடும், பழுப்பு உடம்பு மட்டும் முறத்தில் தங்கும். அம்மாயி இத்தோடு வெயிலில் போட்டுவிடுவார்.

நான் கூட்டியிருக்கும் படி இதற்கு அடுத்தது. புடைத்த ஈசலை இரண்டு தண்ணீர் அலசி, நன்றாகக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போடுங்கள். போட்டதும் கொதி அடங்கும். மறுபடி கொதி வந்த பிறகு ஐந்து நிமிடம் வைத்து வடியுங்கள். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், உணவுக்காக வளர்க்கும் சுவர்க்கோழிப் பூச்சியையும் மாவுப் புழுவையும் வறுத்து மட்டும் பார்த்தபோது குடல் பாக்டீரியா முழுதாகச் சாகவில்லை. சில நிமிடம் வேகவைத்தபோது செத்தது. பூச்சியை நாம் குடலோடு சேர்த்துத்தானே சாப்பிடுகிறோம், ஆட்டுக் குடலைப்போல் அலசி எடுக்க வழியில்லை. அதனால்தான் இந்தக் கொதி.

ஆனால் கொதியிலும் சாகாத ஒன்று உண்டு. சில பாக்டீரியாக்கள் வித்துபோல் ஓடு கட்டிக்கொண்டு பிழைத்துக்கொள்ளும், ஈரம் கிடைத்ததும் முளைக்கும். அவற்றுக்கு மருந்து, ஈரமே இல்லாமல் காயவைப்பதுதான்.

காயவைத்து வைப்பது

வடிந்ததை வெள்ளைத் துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி ஒரு முழு வெயில் காயவிடுங்கள். மழை மூட்டமாக இருந்தால் அடுப்பிலேயே சிறு தீயில் வற்றவிடலாம். அப்புறம் வடச்சட்டியில் மறுபடி வறுங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம், அதுவே எண்ணெய் விடும். சரியாக வறுபட்டதா என்று பார்க்க ஒன்றை எடுத்து இரு விரலால் அழுத்துங்கள். மொறுக்கென்று உடைந்தால் ஆயிற்று. நசுங்கி விரலில் ஒட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் வறுக்க வேண்டும்.

முழுதாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். ஈரத்தோடு காற்றுப் புகாமல் மூடி வைப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய தவறு. காற்றில்லாத ஈரத்தில், பொட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான நோயைத் தரும் நஞ்சு உண்டாகலாம். கென்யாவில் ஈசல் தின்றவர்களுக்கு அந்த நோய் வந்ததை 1980-ல் ஒரு பிரிட்டன் மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. அந்த நஞ்சுக்கு வாடை இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, முகர்ந்து பார்த்துத் தப்பிக்க முடியாது. நன்றாகக் காய்ந்ததை நான் பத்து நாளுக்கு மேல் வைப்பதில்லை. கொழுப்பு அதிகம் என்பதால் அதற்கு மேல் சிக்கு வாடை ஏறிவிடும்.

சரி, கறியோடு ஒப்பிட்டால்?

காய்ந்த ஈசலில் புரதம் இனத்துக்கு இனம் மாறும். கணக்குக்கு 100 கிராமுக்கு 36 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பச்சைக் கோழி நெஞ்சுக்கறியில் 23 கிராம். பார்த்தால் ஈசல் ஜெயித்த மாதிரி இருக்கிறது. ஆனால் கோழிக்கறியில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு தண்ணீர். அதையும் ஈசல்போல் வற்றவைத்தால் மீதி 25 கிராம்தான் நிற்கும், அதில் 23 புரதம். காய்ந்ததற்குக் காய்ந்தது என்று நிறுத்தால் கோழிக்குப் பக்கத்தில்கூட ஈசல் வராது. பச்சைக்குப் பச்சை வைத்தால் இரண்டும் கிட்டத்தட்ட நெருங்கும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2013 அறிக்கை, பச்சைக் கரையானுக்கு 100 கிராமில் 13 முதல் 28 கிராம் புரதம், மாட்டுக்கறிக்கு 19 முதல் 26 என்று சொல்கிறது. இரண்டு மடங்கு என்ற பேச்சு பெரும்பாலும் காய்ந்த பூச்சியைப் பச்சைக் கறியோடு நிறுத்துச் சொல்வது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆய்வகத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை; நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். பூச்சியின் ஓட்டில் இருக்கும் கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு, ஆனால் அது புரதமில்லை. அதனால் பூச்சிக்கு அந்தக் கணக்கு கூடிப்போகிறது. 2017-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மாவுப் புழு போன்ற சில பூச்சிகளுக்கு 4.76 என்ற எண்ணைப் பரிந்துரைத்தார்கள். ஈசலை அவர்கள் சோதிக்கவில்லை என்றாலும், அதே எண்ணைப் போட்டுப் பார்த்தால் 36 என்பது சுமார் 27 ஆகிறது.

நம் வீட்டு அளவில் சொன்னால், போன வைகாசியில் 600 கிராம் பிடித்ததில் சிறகும் ஈரமும் போக 240 கிராம் வறுத்த ஈசல் கிடைத்தது. ஒரு ஆளுக்கு ஒரு கைப்பிடி, 30 கிராம். அதில் புரதம் 8 கிராம், ஒரு கோழி முட்டையில் இருப்பதைவிடச் சற்று அதிகம். கொழுப்பு பாதிக்கு நெருக்கமாக இருக்கும், 13 கிராம் போல. அது இரண்டரை முட்டைக்குச் சமம். சதைக்குப் புரதம் தேடுகிறவர் இதைக் கோழிக்கறி இடத்தில் வைத்தால் ஏமாந்துபோவார். வேர்க்கடலை இடத்தில் வையுங்கள், அளவு தானாகச் சரியாகிவிடும்.

நாங்கள் கலப்பது இப்படி: வறுத்த ஈசல் ஒரு பங்கு, பொரி மூன்று பங்கு, பொட்டுக்கடலை ஒரு பங்கு, இரண்டு வரமிளகாயும் நாலு பல் பூண்டும் தட்டிப் போட்டு, உப்புத் தூவி அடுப்பில் ஒரே புரட்டு. அம்மாயி பொரிக்குப் பதில் வறுத்த கம்பைப் போடுவார். "பூண்டை நெறைய தட்டிப் போடு கண்ணு, அப்பத்தான் வகுறு ஒண்ணும் சொல்லாது" என்பார். நான் இன்றும் ஆறு பல் போடுகிறேன்.