மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

"பல்லில் பால் படிஞ்சிருக்கு டாக்டர், துடைச்சாலும் போகல." சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒன்றரை வயது மகளைத் தூக்கி வந்த அம்மா சொன்னது இது. மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல வெள்ளை. அது பால் இல்லை, சொத்தையின் ஆரம்பம். குழந்தை தினமும் இரவில் நாட்டுச் சர்க்கரை கலந்த பாலை பாட்டிலில் உறிஞ்சியபடியே தூங்கிவிடுகிறாள். வெள்ளைச் சர்க்கரை இல்லையே என்றார் பாட்டி. பல்லுக்கு இரண்டும் ஒன்றுதான்.

1. பாருங்கள். பகல் வெளிச்சத்தில் குழந்தையை மடியில் படுக்கவைத்து மேல் உதட்டைத் தூக்குங்கள். சுத்தமான துணியால் பல்லைத் துடைத்து, ஈறோரம் பாருங்கள். ஈரமாக இருந்தால் கோடு தெரியாது. கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் காப்பதால், சொத்தை மேலேதான் தொடங்கும். வெள்ளைக் கோடு என்றால் இன்னும் தடுத்து நிறுத்தலாம். பழுப்பாகவோ குழியாகவோ இருந்தால் தள்ளிப்போடாமல் வாருங்கள்.

2. இரவு பாட்டிலை நிறுத்துங்கள். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும். அதனால் இனிப்பு கழுவப்படாமல் பல்லிலேயே நிற்கும். ஒரேயடியாகப் பிடுங்கினால் வீடே தூங்காது. முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். அப்புறம் நாலைந்து நாளுக்கு ஒருமுறை பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீராக்குங்கள். பசிக்கான பாலைத் தூங்கும் முன்பே டம்ளரில் கொடுத்துவிடுங்கள்.

3. கடைசிப் பாலுக்குப் பிறகு தேய்த்துவிடுங்கள். குழந்தையின் தலை உங்கள் மடியில், முகம் மேலே பார்க்க. ஒரு விரலால் உதட்டை விலக்கி, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷ்ஷை மெதுவாக ஆட்டுங்கள். மூன்று வயதுவரை பேஸ்ட் ஓர் அரிசி அளவு போதும், அதன் பிறகு பட்டாணி அளவு. பெட்டியில், சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். குழந்தைகள் பேஸ்ட் சிலவற்றில் அது குறைவு. நுரையைத் துணியால் துடைத்தால் போதும், கொப்பளிக்க வேண்டாம். காலையிலும் இப்படியே. ஏழெட்டு வயதுவரை பெரியவர் கைதான் தேய்க்க வேண்டும்.

ஒரு விஷயம். நம் மாவட்டத்தில் சில ஊர்களின் போர் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பற்களில் அதனால் வரும் பழுப்புத் திட்டுகளைப் பார்த்திருந்தால், குடிப்பது எந்தத் தண்ணீர் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பேஸ்ட்டை முடிவு செய்யுங்கள்.

4. முதல் முறை மருத்துவரிடம். முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், அதிகபட்சம் முதல் பிறந்தநாளுக்குள். நானும் அம்மாவும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்காருவோம். குழந்தை அம்மாவைப் பார்த்தபடி என் மடியில் தலை சாயும். அழுதால் பரவாயில்லை, வாய் திறந்துதான் இருக்கும். பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அம்மாபேட்டைக் குழந்தைக்கு அன்றே ஃப்ளூரைடு வார்னிஷ் என்ற மருந்தைப் பல்லில் பூசினேன், மூன்று மாதம் கழித்து மறுபடியும். அப்போது கோடு முழுதாக மறையவில்லை. ஆனால் சொரசொரப்பு போய், பல் வழவழப்பாக மின்னியது. சொத்தை அங்கேயே நின்றுவிட்டது.