பிரஷர் மாத்திரையால் 'பாதி ஆபத்து குறையும்' என்று சொல்வதற்கு முன்

பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைப் படித்துவிட்டு, அதிலுள்ள சதவீதத்தை அப்படியே நோயாளியிடம் சொல்வதைப் பார்க்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன்.

சதவீதத்தைச் சொல்லி, எதில் என்பதை விடுவது

நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், பிரஷர் 152/96. "மாத்திரை போட்டால் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகும்" என்றேன். அடுத்த முறை அவருடைய மனைவியும் வந்தார். "போடலைன்னா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வந்துடுமா, டாக்டர்?" ஒரு மாதமாக இருவரும் சரியாகத் தூங்கவில்லை. இப்போது அவருக்கு இருக்கும் ஆபத்து எவ்வளவு என்பதை நான் சொல்லவே இல்லை. இன்றும் என்னை உறுத்தும் தவறு இது.

'பாதி' என்பது பொய் இல்லை. 1985இல் வெளியான பிரிட்டனின் எம்.ஆர்.சி. ஆய்வில், லேசான பிரஷர் உள்ள 35 முதல் 64 வயதினரில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 2.6 பேருக்கு வந்த பக்கவாதம், மருந்தால் 1.4 ஆகக் குறைந்தது. அது சுமார் 46 சதவீதக் குறைவு. இதுதான் ரிலேட்டிவ் கணக்கு. ஐந்து ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஆயிரத்தில் 13 பேர் 7 பேராகிறார்கள். தப்பித்தவர்கள் ஆறு பேர். இது அப்சல்யூட் கணக்கு. ஒருவரைக் காக்க சுமார் 167 பேர் ஐந்து ஆண்டுகள் மாத்திரை போட வேண்டும்.

இதன் பக்கத்தில் 1991இன் ஷெப் ஆய்வை வையுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள், மேல் எண் 160க்கு மேல், கீழ் எண் 90க்குக் கீழ். இங்கே குறைவு 36 சதவீதம்தான். ஆனால் ஐந்து ஆண்டுகளில் ஆயிரத்தில் 82 பேர் 52 ஆனார்கள். முப்பது பேர் தப்பித்தார்கள். 33 பேருக்கு மருந்து கொடுத்தால் ஒருவர். சதவீதத்தை மட்டும் பார்த்தால் எம்.ஆர்.சி. மருந்து உசத்தி. ஆளை எண்ணினால் ஷெப் பாட்டிக்குக் கிடைத்தது ஐந்து மடங்கு. பாட்டிக்கு மருந்து கூடுதலாக வேலை செய்யவில்லை, அவருடைய ஆரம்ப ஆபத்தே அதிகம். அதனால் முதலில் எதிரில் இருப்பவரின் ஆபத்தை மதிப்பிடுங்கள்; அப்புறம் சதவீதத்தால் பெருக்குங்கள்.

ஆண்டைச் சொல்லாத எண்

"167 பேரில் ஒருவர்" என்றால், எத்தனை ஆண்டில்?

நன்மைக்கு ஒரு கணக்கு, தீமைக்கு வேறு கணக்கு

2015இன் ஸ்பிரிண்ட் ஆய்வில் மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றபோது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 25 சதவீதம் குறைந்தன என்பார்கள். நூற்றில் 6.8 பேர் 5.2 ஆனார்கள். சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டவர்களோ 2.5இலிருந்து 4.1 ஆனார்கள். இரண்டு வித்தியாசமும் 1.6. இரண்டும் ஒரே எடையுள்ள கெடுதல் இல்லை, சரி. ஆனால் இரண்டையும் நூற்றுக்கு எத்தனை பேர் என்றே சொல்லுங்கள்.

சிறிய எண் என்று மாத்திரையை நிறுத்தச் சொல்வது

கூடாது. ஐந்து ஆண்டுக் கணக்குதான் அது. அந்த நாற்பத்தைந்து வயதுக்காரரின் ஆபத்து வயதோடு ஏறும்.