பாடசாலைச் சந்தையில் கைவினைப் பொருள்: கணக்கு தவறும் இடங்கள்

பாடசாலைச் சந்தை முடிந்த மறுநாள் மாணவர்கள் ஒப்படைக்கும் அறிக்கைகளில் பெரும்பாலும் இலாபமே எழுதப்பட்டிருக்கும். செலவுப் பக்கத்தைப் பார்த்தால் அந்த இலாபம் எங்கிருந்து வந்தது என்பது தெரியும். துணி மட்டும் கணக்கில் இருக்கும். நூல் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து வந்திருக்கும், ஆட்டோவுக்கு அப்பா பணம் கொடுத்திருப்பார், விற்காமல் மிஞ்சிய பொருட்கள் வீட்டு அலுமாரிக்குள் போயிருக்கும். முயற்சியாண்மை என்று நாம் கற்பிக்கும் பாடத்தின் உயிரே இந்த விடுபட்ட வரிகளில்தான் இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, துணி வாங்குவது முதல் அறிக்கை எழுதுவது வரை கணக்கு எங்கெங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

கல்லடியில் தரம் 10இல் படிக்கும் ஐந்து மாணவர்கள் மருதமுனைக் கைத்தறித் துணியில் சிப் வைத்த பென்சில் பை தைக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்முனை பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே மருதமுனை. துணியை நேரே பார்த்து வாங்கலாம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் தவறு கத்தரிக்கோல் துணியில் படும் முன்பே நடந்துவிடுகிறது. தைத்து முடித்த பை 20 சென்ரிமீற்றர் நீளமும் 11 சென்ரிமீற்றர் உயரமும் இருக்கும். 112 சென்ரிமீற்றர் அகலத் துணியில் 2 மீற்றர் வாங்கினால் எத்தனை பை வரும்? மாணவர்கள் பரப்பளவைப் பரப்பளவால் வகுத்து 50 என்பார்கள். வகுத்தல் சரி; ஆனால் துணி அப்படி வெட்டுப்படாது. தையலுக்கும் சிப்புக்கும் ஓரம் விட்டால் ஒவ்வொரு துண்டும் 23க்கு 14 ஆகிறது. பருத்தித் துணியைத் தைக்கும் முன் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கியவர் வீட்டில் முதல் சலவையிலேயே பை சுருங்கி, சிப் நெளிந்து நிற்கும். நனைத்த துணி நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கியது என்றால் அகலம் 106, நீளம் 190. அகலத்தில் 7 துண்டுகள், நீளத்தில் 8 வரிசைகள்: மொத்தம் 56 துண்டுகள். ஒரு பைக்கு இரண்டு துண்டுகள், ஆகவே 28 பைகள். அகலத்தில் 8, நீளத்தில் 6 சென்ரிமீற்றர் ஓரமே மிஞ்சுவதால், அதில் துண்டைத் திருப்பி வைத்து வெட்டவும் முடியாது.

அந்த 28இலும் குறைந்தது இரண்டு பைகள் பழுதாகும். புதிதாகத் தைக்கும் கை சிப்பைக் கோணலாக வைத்துவிடும். அதைப் பிரித்தால் துணியில் ஊசித் துளைகள் தெரியும். விற்கக்கூடியவை 26. மீற்றர் 900 ரூபாவாக 1,800 ரூபா கொடுத்த துணி, 50 பைகள் என்று நினைத்தால் ஒரு பைக்கு 36 ரூபா. 26 என்று எண்ணினால் ஏறத்தாழ 69 ரூபா. துணிச் செலவு மட்டுமே இருமடங்குக்கு அருகே போய்விட்டது. இதைத் தவிர்க்கும் வழி எளிது. பழைய செய்தித்தாளில் துண்டின் அளவை வெட்டி, துணியின் அகலத்தைத் தரையில் கோடு போட்டு அடுக்கிப் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.

உள்துணி 700, 28 சிப் 840, இரண்டு நூல் கட்டை 170 சேர்த்தால் மூலப்பொருளுக்கு 3,510 ரூபா. இதை 26ஆல் வகுக்க வேண்டும், 28ஆல் அல்ல. பழுதானவற்றின் செலவை விற்கும் பைகள்தான் சுமக்கின்றன. ஒரு பைக்கு 135 ரூபா. விற்கும்போது போட்டுக் கொடுக்கும் கடதாசிப் பைக்கு 10 ரூபா. சந்தையில் இடத்துக்கு 500, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் 500, விலைப்பலகைக்கும் அட்டைக்கும் 300, ஆக நிலையான செலவு 1,300. ஒரு பைக்கு 50. வீட்டில் இருந்த நூலானாலும் கடையில் அதற்கு என்ன விலையோ அதை எழுதுங்கள். அடுத்த முறை அந்தப் பெட்டி காலியாகத்தான் இருக்கும்.

உழைப்பை எழுதுவதில்தான் பிள்ளைகள் தயங்குகிறார்கள். "எங்களுக்கு நாங்களே சம்பளம் கொடுப்பதா?" என்று கேட்பார்கள். கையில் பணமாகக் கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் கணக்கில் வர வேண்டும். வெட்டுவது முதல் நூல் முனைகளைக் கத்தரிப்பது வரை ஒரு பைக்கு அரை மணி நேரம் என்றால் 28 பைகளுக்கு 14 மணி நேரம். மணிக்கு 130 ரூபா என்று மிகக் குறைவாக வைத்தாலும் 1,820 ரூபா. ஒரு பைக்கு 70. எல்லாம் சேர்த்து ஒரு பையின் கிரயம் 265 ரூபா. உழைப்பை விட்டுவிட்டால் 195. இந்த 195ஐப் பார்த்து 220 ரூபா என விலை வைக்கும் குழு, இலாபம் என்ற பெயரில் தன் 14 மணி நேரத்தை ஏறத்தாழ இனாமாகக் கொடுக்கிறது.

நமது மாணவர்கள் 300 ரூபா என விலை வைக்கிறார்கள். கடைத்தெருவில் இறக்குமதிப் பை 200 ரூபாவுக்குக் கிடைக்கிறதே என்று பயந்து விலையை இறக்க வேண்டியதில்லை. அந்த விலையோடு கையால் தைத்த பை ஒருநாளும் போட்டியிட முடியாது. வாங்குபவர் துணியின் நெசவைத் தொட்டுப் பார்த்து வாங்குபவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதைத் தைக்கும் முன்பே அறியலாம். மாதிரிக்கு ஒன்று தைத்து ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் காட்டி, முற்பணம் வாங்கிக்கொண்டு பெயர் எழுதுங்கள். "நல்லா இருக்கு" என்ற பாராட்டை நம்பித் துணி வாங்காதீர்கள்; 100 ரூபா முற்பணம் தருபவரை நம்பி வாங்கலாம். 300 என்ற முழு விலைக்கு இன்னொரு வசதியும் உண்டு. 500 ரூபாத் தாளுக்கு இரண்டு நூறு ரூபாத் தாள் கொடுத்தால் முடிந்தது. 295 என்று வைத்தால் சில்லறை தேடும் நேரத்தில் அடுத்தவர் நகர்ந்துவிடுவார்.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் தவறுக்கு வருகிறேன், ஏனென்றால் கெட்டிக்கார மாணவர்களே இதில் விழுகிறார்கள். இலாப நட்டமற்ற புள்ளிக்குப் பாடத்தில் ஒரு சூத்திரம் உண்டு: நிலையான செலவை, ஒரு பொருளின் விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்து வரும் பங்களிப்பால் வகுக்க வேண்டும். நமது கணக்கில் விலை 300, மூலப்பொருளும் கடதாசிப் பையும் 145, பங்களிப்பு 155. 1,300ஐ 155ஆல் வகுத்தால் 8.4. ஆகவே 9 பைகள் விற்றால் முதல் திரும்பிவிடும் என்று அறிக்கையில் எழுதுகிறார்கள்.

உண்மையில் 9 பைகள் விற்றபோது பெட்டியில் இருப்பது 2,700 ரூபா. கைவிட்டுப் போனதோ மூலப்பொருளுக்கு 3,510, நிலையான செலவு 1,300, ஆக 4,810 ரூபா. ஏன் இந்த இடைவெளி? விற்கும் அளவுக்கு மட்டுமே மூலப்பொருள் செலவாகிறது என்று அந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. நாள்தோறும் தைத்து விற்கும் கடைக்கு அது பொருந்தும். ஒருநாள் சந்தையில் 26 பைகளையும் முன்கூட்டியே தைத்துவிட்டோம். விற்றாலும் விற்காவிட்டாலும் துணிக்குக் கொடுத்த பணம் போனதுதான். விற்பனையோடு கூடிக் குறையும் செலவு கடதாசிப் பையின் 10 ரூபா மட்டுமே. ஆகவே 4,810ஐ 290ஆல் வகுக்க வேண்டும். விடை 16.6, அதாவது 17ஆவது பை விற்கும்போதுதான் போட்ட பணம் திரும்புகிறது. உழைப்பின் 1,820ஐயும் சேர்த்தால் 23ஆவது பை. 26ஐயும் விற்றால்தான் உழைப்பின் பெறுமதி போக 910 ரூபா மிஞ்சும்.

இந்த 17 என்ற எண்ணைச் சந்தை நாளில் மேசைக்குப் பின்னால் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். காலை பத்தரைக்கே, பக்கத்து மேசையில் கூட்டம் இருக்கிறது என்று விலையைக் குறைக்கும் குழுக்களை இது தடுக்கும். 250க்கு இறக்கினால், தொடக்கம் முதல் அந்த விலைக்கே விற்பதானாலும், 21 பைகள் விற்க வேண்டியிருக்கும். கடைசி மணி நேரத்தில் இரண்டு பை 500 ரூபா என்று கொடுப்பது வேறு விடயம்; அப்போது வருவது பெரும்பாலும் மேலதிகப் பணம். அதிலும் பொருளைப் பார்த்து முடிவெடுங்கள். தொதல் விற்பவர்கள் மாலைக்குள் விற்று முடிக்க விரும்புவது நியாயம். பென்சில் பை கெட்டுப்போகாது, அடுத்த வாரமும் 300 ரூபாவுக்குப் போகும். (மாரி காலத்தில் மட்டும் உறைக்குள் போட்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள், பருத்தியில் பூஞ்சணம் பிடித்தால் கறை போகாது. பன் பொருட்களும் பனையோலைப் பொருட்களும் இன்னும் விரைவாகப் பிடித்துக்கொள்ளும்.)

பணப்பெட்டியில் ஒரே ஒரு ஒழுங்கு போதும். சில்லறைக்காகக் காலையில் போட்ட தொகையை எழுதி வையுங்கள். அது விற்பனை அல்ல. மாலையில் அந்தத் தொகையும் விற்ற பைகளின் பணமும் சேர்ந்து பெட்டியில் இருக்க வேண்டும். குறைந்தால், பெரும்பாலும் நடுவில் யாரோ பெட்டியிலிருந்து குளிர்பானம் வாங்கியிருப்பார்கள், அல்லது பிரதம விருந்தினருக்கு ஒரு பை அன்பளிப்பாகப் போயிருக்கும். அன்பளிப்பையும் கொப்பியில் எழுத வேண்டும்.

கடைசியில் அறிக்கை. 22 பைகள் விற்றன, 4 மிஞ்சின என்று வைத்துக்கொள்வோம். 6,600 ரூபா வந்தது; கடதாசிப் பைக்கு 220, போட்ட பணம் 4,810, உழைப்பு 1,820 கழித்தால் 250 ரூபா நட்டம். இங்கே சில குழுக்கள் மிஞ்சிய நான்கு பைகளையும் 300 ரூபாப்படி 1,200 என்று சேர்த்து, 950 இலாபம் காட்டும். விற்காத பொருளில் இலாபம் எழுத முடியாது. கையிருப்பைக் கிரயத்தில் எழுத வேண்டும்: மூலப்பொருள் 135, உழைப்பு 70, ஒரு பைக்கு 205, நான்குக்கு 820. அதைச் சேர்த்தால் இலாபம் 570 ரூபா. அந்த நான்கு பைகளில் ஒன்றின் சிப் கழன்றிருந்து, அதை 100 ரூபாவுக்குத்தான் விற்க முடியும் என்றால் அந்தப் பைக்கு 205 என்று எழுதக் கூடாது. 100இலிருந்து கடதாசிப் பையின் 10 ரூபாவைக் கழித்து 90 என்று எழுத வேண்டும்.