பல்க் டீல் லிஸ்ட்ல பெரிய பேரு வந்தா என்ன அர்த்தம்? படிச்சுப் பாக்குற முறை

மார்க்கெட் முடிஞ்ச சாயங்காலம் வாட்ஸ்அப், டெலிகிராம் க்ரூப்ல எல்லாம் ஒரு ஸ்க்ரீன்ஷாட் சுத்தும், இன்னார் இந்த ஷேர்ல இத்தனை லட்சம் பங்கு வாங்கிட்டாங்க, பெரிய கை உள்ள வந்தாச்சுன்னு. அந்த ஸ்க்ரீன்ஷாட்ல பாதி நேரம் பாதி விஷயம் தான் இருக்கும். முழு லிஸ்ட்டும் ஃப்ரீயா கிடைக்குது, அதை நாமளே எப்படிப் படிக்கிறதுன்னு பாப்போம்.

ஸ்டெப் 1: பல்க் டீல், ப்ளாக் டீல் ரெண்டும் வேற வேறன்னு புரிஞ்சுக்கோங்க

ஒரு கம்பெனியோட லிஸ்ட் ஆன மொத்த பங்குல 0.5 சதவீதத்துக்கு மேல ஒரே க்ளையன்ட் ஒரே நாள்ல வாங்கினாலோ வித்தாலோ அது பல்க் டீல். நம்ம எல்லாரும் ட்ரேட் பண்ற அதே சாதாரண மார்க்கெட்ல, நாள் முழுக்க சின்னச் சின்ன ஆர்டரா நடந்திருந்தாலும் கூட்டிப் பாத்து 0.5 தாண்டினா கணக்குல வந்துடும். ப்ரோக்கர் எக்ஸ்சேஞ்சுக்கு சொல்லணும், எக்ஸ்சேஞ்ச் அன்னைக்கு சாயங்காலமே பேரோட வெளியிட்டுடும்.

ப்ளாக் டீல் அப்படி இல்ல, அதுக்குன்னு தனி ஜன்னல் இருக்கு, காலைல 8:45 லேர்ந்து 9 வரைக்கும், மதியம் 2:05 லேர்ந்து 2:20 வரைக்கும். வாங்குறவரும் விக்கிறவரும் முன்னாடியே பேசி வச்சுட்டு அங்க வந்து முடிச்சுக்குவாங்க. ரொம்ப நாளா குறைஞ்சபட்சம் 10 கோடி ரூபாய், விலை 1 சதவீதம் மேல கீழன்னு இருந்துச்சு, 2025 அக்டோபர்ல செபி அதை 25 கோடி, 3 சதவீதம்னு மாத்திடுச்சு. இதுல டெலிவரி கட்டாயம், வாங்கிட்டு அன்னைக்கே திருப்பி விக்கிற கதை கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, அடுத்த ஸ்டெப்ல அது தான் மேட்டரே.

ஸ்டெப் 2: லிஸ்ட்டை எடுத்து, ஒரே பேரு ரெண்டு பக்கமும் இருக்கான்னு பாருங்க

என்எஸ்இ சைட்ல `Large Deals`னு தேடினா பல்க், ப்ளாக் ரெண்டும் தனித்தனி டேப்ல வரும், சிஎஸ்வியா டவுன்லோடும் பண்ணிக்கலாம். பிஎஸ்இக்கு தனி லிஸ்ட், அதையும் பாக்கணும், ஏன்னா ஒரு எக்ஸ்சேஞ்ச்ல வாங்கி இன்னொண்ணுல விக்கிறதும் உண்டு. உதாரணத்துக்கு நானா போட்ட ரெண்டு வரி:

```
SYMBOL  CLIENT    BUY/SELL  QUANTITY  PRICE
XYZ     CLIENT A  BUY       1,20,000  41.20
XYZ     CLIENT A  SELL      1,19,400  41.35
```

ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறவரு முதல் வரியை மட்டும் வெட்டிப் போட்டா என்ன தெரியும்? 1.2 லட்சம் பங்கு வாங்கியாச்சுன்னு தெரியும். ரெண்டையும் கழிச்சுப் பாத்தா கையில மிஞ்சினது வெறும் 600 பங்கு. இது பெரும்பாலும் சொந்தப் பணத்துல நாள் முழுக்க வாங்கி வித்துட்டே இருக்கிற ட்ரேடிங் கம்பெனிங்க வேலை, சாயங்காலம் அவங்க கணக்கு கிட்டத்தட்ட ஜீரோ, ஷேர் மேல அவங்களுக்கு எந்த அபிப்ராயமும் இல்ல. திடீர்னு வால்யூம் எகிறின எந்த ஷேரை எடுத்தாலும் இப்படி ஜோடி ஜோடியா பேரு வரும், அதையெல்லாம் முதல்ல அடிச்சுட்டு மிச்சம் என்ன இருக்குன்னு பாருங்க. சில நாள் ஒண்ணுமே மிஞ்சாது.

ஸ்டெப் 3: சதவீதத்தை ரூபாயா மாத்துங்க

மேல சொன்ன கம்பெனில மொத்தமே 1 கோடி பங்குன்னு வச்சுப்போம், அப்போ 0.5 சதவீதம் 50,000 பங்கு. 41 ரூபாய்னா இருபது லட்சத்துச் சொச்சம் தான். அவ்ளோ தான், பல்க் டீல் லிஸ்ட்ல பேரு வர்றதுக்கு! சின்ன கம்பெனில பல்க் டீல்னு கேட்டதும் பெரிய நிறுவனம் வந்துடுச்சுன்னு நினைக்க வேணாம், யாரோ ஒரு தனி ஆளு கூட தன் பேரை அதுல வர வைக்க முடியும், அதைப் பாத்து நாலு பேரு வாங்கும்போது அவரு விக்கவும் முடியும். பேரு தெரியாத க்ளையன்ட், சின்ன கம்பெனி, கூடவே க்ரூப்ல டிப்ஸ், இந்த மூணும் சேர்ந்து வந்தா நான் பக்கத்துலயே போக மாட்டேன்.

ஸ்டெப் 4: எதிர்ப்பக்கம் யாருன்னு தேடுங்க

உண்மையான ஒரு கேஸ் எடுப்போம். 2023 நவம்பர் 24, பேடிஎம் ஷேர். வாரன் பஃபெட்டோட பெர்க்‌ஷயர் ஹாத்வே தன்கிட்ட இருந்த சுமார் 2.46 சதவீதத்தையும், அதாவது கிட்டத்தட்ட 1.56 கோடி பங்கையும், 877 ரூபாய் பக்கத்துல வித்துட்டு வெளிய போச்சு, மொத்தம் 1,371 கோடி ரூபாய். இந்த ஷேர் 2021ல ஐபிஓ வந்தப்போ 2,150 ரூபாய். நியூஸ் எல்லாம் பஃபெட் வித்துட்டார்னு தான் ஓடுச்சு.

ஆனா அதே நாள் லிஸ்ட்ல வாங்கின பக்கமும் ரெண்டு பேரு இருந்தாங்க, காப்தால் மொரீஷியஸ் சுமார் 75.75 லட்சம், கிசாலோ மாஸ்டர் ஃபண்ட் சுமார் 42.75 லட்சம் பங்கு, விலையும் அதே 877 பக்கம். இவங்களும் கணக்குப் போடத் தெரியாதவங்க இல்ல. கழிச்சா இன்னும் 37 லட்சம் பங்குக்கு மேல வாங்கினது யாருன்னு லிஸ்ட்ல இல்ல. பேடிஎம்ல 0.5 சதவீதம்னா சுமார் 32 லட்சம் பங்கு, அதனால மிச்சத்தை குறைஞ்சது ரெண்டு பேராவது பிரிச்சு வாங்கியிருக்கணும், எல்லாரும் வரம்புக்குக் கீழயே நின்னதால பேரு வரல. ஒரு பக்கம் மட்டும் தெரியுற டீல் நிறைய இருக்கிறதுக்குக் காரணம் இது தான்.

அப்புறம் 2024 ஜனவரி 31ல ரிசர்வ் வங்கி பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் மேல கட்டுப்பாடு போட்டுச்சு, அடுத்த மூணு ட்ரேடிங் நாள்ல ஷேர் 40 சதவீதத்துக்கு மேல இறங்குச்சு. உடனே "பாத்தீங்களா, அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு"ன்னு ஒரு பேச்சு. லிஸ்ட்ல அதுக்கு எந்த ஆதாரமும் கிடையாது, அதுல இருக்கிறது பேரு, எண்ணிக்கை, விலை மட்டும் தான், எதுக்கு வித்தாங்கன்னு சொல்ற கட்டம் எதுவும் இல்ல. ஃபண்டோட ஆயுசு முடிஞ்சு பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும், ஐபிஓவுக்கு அப்புறம் இத்தனை நாள் விக்கக் கூடாதுங்கிற லாக்-இன் முடிஞ்சது, வேற இடத்துக்குப் பணம் வேணும்னு விக்கிறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். லாக்-இன் முடியுற தேதி முன்னாடியே தெரிஞ்ச விஷயம், அந்த வாரத்துல பழைய முதலீட்டாளர் வித்தா அதுல புதுசா படிக்க ஒண்ணும் இல்ல. ப்ரமோட்டர் வித்தா மட்டும் நான் நின்னு ரெண்டு தடவை படிப்பேன், அப்பவும் எக்ஸ்சேஞ்சுக்கு அவங்க என்ன சொல்லியிருக்காங்கன்னு பாத்துட்டு தான் முடிவு.

ஸ்டெப் 5: பங்கு கையில தங்குச்சான்னு பாருங்க

அன்னைக்கு டெலிவரி சதவீதம் எவ்ளோன்னு என்எஸ்இ தினமும் போடுது. வால்யூம் பத்து மடங்கு ஏறி டெலிவரி 15 சதவீதம் தான்னா பெரும்பாலும் ஸ்டெப் 2 ஆளுங்க சுத்தின சுத்து. அதுக்கப்புறம் காலாண்டு முடிஞ்சு 21 நாளுக்குள்ள கம்பெனி ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன் கொடுக்கணும், பப்ளிக் பக்கத்துல 1 சதவீதமும் அதுக்கு மேலயும் வச்சிருக்கிறவங்க பேரு அதுல வரும். பல்க் டீல்ல 1.2 சதவீதம் வாங்கினதா வந்த பேரு அங்க இல்லன்னா, ஒண்ணு வித்துட்டாங்க, இல்ல 1 சதவீதத்துக்குக் கீழ குறைச்சுட்டாங்க, அதுவும் பல நாளா பிரிச்சு, ஒவ்வொரு நாளும் 0.5 சதவீதத்தைத் தாண்டாம வித்திருந்தா பல்க் டீல் லிஸ்ட்ல அது வந்திருக்கவே வந்திருக்காது.