சுருட்டை முடியை நேராக்கணும்னா லிக்விஃபையை மட்டும் நம்பி இறங்காதீங்க

எங்க சுங்கை சிப்புட் பக்கம் 21வது பொறந்தநாள்னா வாசல்ல ஒரு பெரிய படம் வைக்காம விசேஷம் நடக்காது. அந்தப் படத்துக்கு ஆர்டர் குடுக்க வர்ற அம்மாக்கள்ல பாதிப்பேர் கேக்குறது ஒண்ணுதான்: "தம்பி, முடியை மட்டும் ரிபாண்டிங் பண்ண மாதிரி நேரா ஆக்கிக் குடுப்பா". பொண்ணுக்கும் அது சம்மதமான்னு பக்கத்துல நிக்கிற பொண்ணுகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, முடி அவங்களோடது. அவங்களும் சரின்னு சொல்லிட்டா அப்புறம் வேலையை எங்க ஆரம்பிக்கிறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு, ஏன்னா எடிட்டிங் பழகுற பிள்ளைங்க முக்கால்வாசி பேர் ஃபோட்டோஷாப்ல படத்தைத் திறந்ததும் நேரா லிக்விஃபைக்குள்ள போயி முடியைப் பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சிடுறாங்க.

ஒரு படத்தையே எடுத்துக்குவோம். பொண்ணு செம்பனைக் காட்டு ஓரமா நிக்குது, சாயங்காலம், நிழல்ல எடுத்தது, இடது பக்கம் மேல வானம் திறந்து கெடக்கு. தோள் வரைக்கும் நல்ல அடர்த்தியான சுருட்டை. 24 மெகாபிக்சல் கேமராங்கறதால படம் 4000க்கு 6000 பிக்சல், பிரிண்ட் 24க்கு 36 இஞ்சு.

லிக்விஃபை என்ன பண்ணுதுன்னா இருக்கிற பிக்சலை இடம் மாத்துது, அவ்வளவுதான், புதுசா ஒரு முடியைக்கூட அது உண்டாக்காது. சுருள்ங்கறது ஒரு வளையம், முடி சுத்தி வந்து தன்மேலயே குறுக்க போகுது, பின்பக்கம் போற பாதி படத்துல தெரியவே தெரியாது. தெரியாத பாதியை எந்த பிரஷ்ஷால இழுத்து நேராக்க முடியும்? இழுத்தா வளையம் நசுங்கி முட்டை மாதிரி ஆகும், இன்னும் இழுத்தா அந்த இடத்துல டெக்ஸ்சர் இழுபட்டு கோடுகோடா மெழுகுத்தனமா வந்துரும். 100 பெர்சன்ட் ஜூம்ல பக்கத்துல உள்ள தொடாத முடியோட வச்சுப் பார்த்தா உடனே தெரியும், தொடாத எடத்துல பொடிப்பொடியா கிரெயின் இருக்கும், இழுத்த எடத்துல அந்தப் பொடி நீண்டு போயிருக்கும். அதனால லேசான அலையா இருக்கிற முடின்னா லிக்விஃபையாலயே பாதி வேலை முடிஞ்சிரும், சுருண்ட முடின்னா லிக்விஃபைக்கு வெளி உருவத்தைச் சரி பண்ற வேலையை மட்டும் குடுங்க, உள்ள இருக்கிற முடியை குளோனும் பெயின்ட்டும்தான் செய்யணும்.

அந்த வெளி உருவத்தைச் சரி பண்றதுக்கு முன்னாடியே ஒரு தவறு காத்திருக்கு. முடியும் பின்னணியும் ஒரே லேயர்ல இருக்கும்போது முடியை உள்ள தள்ளினா பின்னாடி இருக்கிற செம்பனை மட்டையும் கூடவே வளைஞ்சு வரும். சுவர் முன்னாடி எடுத்த படத்துல இது அவ்வளவா தெரியாது, ஆனா மரம் வரிசையா நட்டு வச்ச தோட்டத்துல எல்லாக் கோடும் நேரா போகும், ஒண்ணு மட்டும் தலைகிட்ட வந்து நெளிஞ்சா கண்ணு அங்கதான் போய் நிக்கும். அதனால முதல்ல பின்னணியைத் தயார் பண்ணுங்க. முடியை மட்டும் செலக்ட் பண்ணி தனி லேயரா எடுத்து வச்சுட்டு, அதுக்குக் கீழ ஒரு காலி லேயர்ல குளோன் ஸ்டாம்ப்ல சாம்பிளை `Current & Below`னு வச்சு, சுருட்டை மறைச்சிருந்த இடத்துல எல்லாம் மட்டையையும் வானத்தையும் நிரப்புங்க. தோளும் ரவிக்கை ஓரமும் முடிக்குப் பின்னாடி எங்க போகுதுன்னு அதையும் கொஞ்சம் வரைஞ்சு வைக்கணும், பின்னால முடி ஒதுங்கும்போது அது வெளிய வரும். இந்த அரைமணி நேர வேலையைத் தாண்டிக் குதிக்கிறவங்கதான் கடைசியில ரெண்டு மணி நேரம் மட்டையை நிமித்திக்கிட்டு இருக்காங்க.

இப்ப அந்த முடி லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிட்டு `Ctrl+Shift+X` அடிச்சு லிக்விஃபைக்குள்ள போங்க, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்ல வச்சா நாளைக்கு அந்த அம்மா வந்து "இன்னும் கொஞ்சம் உப்பலா வேணும்"னு சொன்னாலும் திரும்பத் திறந்து மாத்தலாம். நெத்தியோட முடி ஆரம்பிக்கிற கோட்டை ஃப்ரீஸ் மாஸ்க்ல பூசிருங்க, அது ஒரு துளி நகர்ந்தாலும் முகமே வேற ஆள் முகமாயிரும். பிரஷ் பெருசா இருக்கணும், கிட்டத்தட்ட காதுக்கு வெளிய நிக்கிற முடியோட அகலத்துக்கு, பிரெஷர் 20, 30க்குள்ள. சின்ன பிரஷ்ஷால நூறு தடவ குத்தினா ஓரம் மேடுபள்ளமாயிரும், பெரிய பிரஷ்ஷால நாலஞ்சு தள்ளு போதும்.

எவ்வளவு தள்ளணும்ங்கறதுதான் பலபேருக்குப் பிடிபடாத விஷயம். சுருட்டை உப்பி நிக்கிறதால மண்டை எங்க இருக்குன்னு தெரியாது, அடக்கி அடக்கி கடைசியில தலை தேங்காய் சைஸுக்கு வந்துரும். இதுக்கு ஒரு அளவு இருக்கு. நேரா பார்க்கிற முகத்துல கண்ணு தலையோட பாதி உயரத்துலதான் இருக்கும். கண்ணுலேர்ந்து தாடை நுனி வரைக்கும் அளந்து, அதே அளவை கண்ணுலேர்ந்து மேல வைங்க, அங்கதான் மண்டை உச்சி. கேமரா மேலேர்ந்து பார்த்தாலோ தலை சாஞ்சிருந்தாலோ இது கொஞ்சம் மாறும். நேர் முடி அந்த உச்சிக்கு மேல கொஞ்சம் கனமாத்தான் உக்காரும், ஒட்டிக்கிட்டு இருக்காது. அதுக்குக் கீழ போயிட்டா தப்புன்னு வச்சுக்கோங்க.

நீளமும் அப்படித்தான். தோள் வரைக்கும் இருக்கிற சுருட்டையை நேராக்கிட்டு தோளோடயே நிறுத்தினா பார்க்கிறவங்களுக்கு ஏதோ சரியில்லன்னு தோணும், முடி வெட்டிவிட்ட மாதிரி. சொந்தக்காரங்க யாருக்காவது சுருட்டை இருந்தா ஒரு சுருளைப் பிடிச்சு லேசா இழுத்துப் பாருங்க, எவ்வளவு தூரம் கீழ இறங்குதுன்னு தெரியும். இறுக்கமான சுருள்னா நீளம் பாதியா சுருங்கி நிக்கும். அதனால நம்ம படத்துல முடி நெஞ்சு வரைக்கும் இறங்கணும், அகலம் குறையணும். அகலத்தை லிக்விஃபை குறைச்சிருச்சு, இறங்க வேண்டிய முடிய எங்கேர்ந்து எடுக்கிறது?

குளோன்லதான், ஆனா சுருட்டைத் தலையில நேர் முடி கிடைக்கிற இடம் ரொம்பக் கம்மி. வகிடு ஓரத்துல வேர்கிட்ட கொஞ்சம் நேரா இருக்கும், காதுக்குப் பின்னாடி இழுத்துச் சொருகின இடத்துல கொஞ்சம் இருக்கும். இதையே திரும்பத் திரும்ப எடுத்து ஒட்டினா அதே ஒரு முறுக்கும் அதே ஒரு மினுக்கும் நாலு இடத்துல தெரியும். அதே வெளிச்சத்துல, முகம் ஏறக்குறைய அதே பக்கம் திரும்பி இருக்கிற நேர் முடிப் படம் ஒண்ணு எடுத்துக்கறது நல்லது, தங்கச்சியோ கூட்டாளியோ அதே எடத்துல நின்னிருப்பாங்க, கேட்டுட்டு எடுத்துக்கோங்க. குளோன் சோர்ஸ் பேனல்ல கோணத்தைத் திருப்பி வச்சா ஒரே முடியை வேற வேற சாய்வுல போடலாம். இடம்வலமா மட்டும் திருப்பிப் போட்டுறாதீங்க, நம்ம வெளிச்சம் இடது பக்கத்துலேர்ந்து வருது, திருப்பினா மினுக்கு தப்பான பக்கம் போயிரும்.

அடுத்தது கை வைக்கிற விதம். தோல்ல பரு எடுக்கிற பழக்கத்துல புள்ளிபுள்ளியா தொட்டுத் தொட்டு குளோன் பண்ணுவாங்க, முடியில அப்படிப் பண்ணினா ஒவ்வொரு தொடுலயும் முடி அறுந்து போய் அடுத்த தொடுல வேற எடத்துல ஆரம்பிக்கும். வேர்லேர்ந்து நுனி வரைக்கும் ஒரே இழுப்பா, முடி விழுற வாட்டத்துலயே கொண்டுபோகணும். ஹார்ட்னெஸ்ஸை முழுசா பூஜ்யத்துல வைக்காதீங்க, ஓரம் மங்கி புகை மாதிரி ஒரு பட்டை விழும், பாதிக்கு மேல இருக்கட்டும். முன்னாடி ஷார்ப்பா இருக்கிற முடியை எடுத்து பின்கழுத்துப் பக்கம் ஃபோகஸ் போன எடத்துல வைக்காதீங்க.

இதுக்கு மேலதான் பெயின்ட். இங்க நடக்கிற பெரிய தப்பு முடியோட பருமன். கணக்குப் போட்டுப் பாருங்க: நம்ம படத்துல தாடைலேர்ந்து உச்சி வரைக்கும் 1500 பிக்சல்னு வச்சுக்குவோம், நிஜத்துல அது சுமார் 22 சென்டிமீட்டர், அப்போ ஒரு மில்லிமீட்டருக்கு கிட்டத்தட்ட 7 பிக்சல். ஒரு முடி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குக்கும் கம்மி, ஆக ஒரு முடி ஒரு பிக்சல்கூட கெடையாது. படத்துல நாம முடின்னு பார்க்கிறதெல்லாம் பல முடி சேர்ந்த கற்றை. அதனால 5 பிக்சல் பிரஷ்ஷால தலை முழுக்க தனித்தனி கோடா வரைஞ்சா கம்பி நட்ட மாதிரித்தான் இருக்கும். முதல்ல பல புள்ளி உள்ள பிரஷ்ஷால கற்றைகளைப் போடுங்க, அப்புறம் 3, 4 பிக்சல்ல சில கோடு, ஓரத்துல பறக்கிற முடி மட்டும் 1, 2 பிக்சல், நுனி மெலியணும், பேனா பிரெஷர் அதுக்குத்தான். எல்லாக் கோடும் ஒரே திசையில சமமா போகவும் கூடாது, நாலஞ்சு கோடு மத்தக் கற்றையைக் குறுக்க தாண்டிப் போனாத்தான் அது முடி.

கலர்ல சுத்தக் கறுப்பை எடுக்காதீங்க. நம்ம ஆளுங்க முடி கறுப்புதான், ஆனா படத்துல ஐட்ராப்பர் வச்சுப் பார்த்தா நிழல்ல லேசா பழுப்பு, மினுக்குற எடத்துல வானம் பட்டு நீலம் கலந்த சாம்பல் வரும். இருட்டு, நடு, மினுக்குன்னு மூணு கலரை அதே படத்துலேர்ந்தே எடுங்க.

மினுக்குன்னு சொன்னதும் இதைச் சொல்லியே ஆகணும், ஏன்னா மத்ததெல்லாம் சரியா பண்ணிட்டு இதுல கோட்டை விடுறவங்க நெறைய. சுருட்டை முடியில ஒவ்வொரு வளைவுலயும் ஒரு சின்ன வெளிச்சம் இருக்கும், தலை முழுக்க நூறு குட்டிக் குட்டி மினுக்கு சிதறிக் கெடக்கும். நேர் முடியில முடியெல்லாம் ஒரே வாட்டத்துல இருக்கிறதால அந்த வெளிச்சம் ஒண்ணு சேர்ந்து தலையைச் சுத்தி ஒரே பட்டையா ஓடும். முடியை நேராக்கிட்டு பழைய புள்ளி மினுக்கை அப்படியே விட்டா யாரும் நம்பமாட்டாங்க, தலையில பேன்முட்டை இருக்கிற மாதிரிகூட தெரியும். அதை முதல்ல `Darken` மோட்ல குளோன் பண்ணி அடக்குங்க, அப்புறம் தனி லேயர்ல வெளிச்சம் வர்ற பக்கத்துல பட்டையைப் போடுங்க, அதோட ஓரம் முடி வாட்டத்துல மேலயும் கீழயும் ஏறி இறங்கணும், ஸ்கேல் வச்சு வெட்டின மாதிரி நிக்கக்கூடாது. நெத்தியிலயும் கழுத்துலயும் சுருள் விழுந்த நிழலும் மிச்சம் இருக்கும், முடி போயிருச்சு, நிழல் மட்டும் வளைஞ்சு நிக்குது. அதை எடுத்துட்டு நேர் முடிக்குத் தக்க மாதிரி நீளமா ஒரு மெல்லிய நிழல் போடுங்க.

தலைகீழா, நேர் முடியை சுருட்டை ஆக்கச் சொன்னா லிக்விஃபை இன்னும் கம்மியாத்தான் உதவும். இடமும் வலமுமா தள்ளினா பாம்பு நெளியுற மாதிரி தட்டையா வரும், எல்லா நெளிவும் ஒரே அளவுல இருக்கும். சுருட்டை முடிப் படத்துலேர்ந்து குளோன் பண்றதுதான் வழி, சுருள் சைஸ் மாறி மாறி வரணும், வளைவுக்கு வளைவு மினுக்கு வைக்கணும், நீளத்தைக் குறைச்சு அகலத்தைக் கூட்டணும். உப்புன முடிக்கு நடுவுல பின்னணி அங்கங்க எட்டிப் பார்க்கணும், அது இல்லன்னா விக்கு வச்ச மாதிரி இருக்கும்.

கடைசி வேலை கிரெயின். பெயின்ட் பண்ணின முடி எப்பவும் ரொம்ப சுத்தமா இருக்கும், கேமரா எடுத்த முடியில பொடி இருக்கும். 50 பெர்சன்ட் சாம்பல் நிரப்பின ஒரு லேயரை `Overlay`ல வச்சு `Add Noise` 2, 3 பெர்சன்ட்லேர்ந்து ஆரம்பிச்சு, தொடாத முடியோட ஒத்துப்போற வரைக்கும் ஏத்துங்க, மாஸ்க் போட்டு பெயின்ட் பண்ணின எடத்துல மட்டும் விடுங்க. 24க்கு 36 பிரிண்ட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி முடியும் நெத்தியும் சேர்ற எடத்தை மட்டும் வெட்டி, அதே அளவுல ஒரு 4ஆர் தாள்ல அடிச்சு வெளிய வெயில்ல கொண்டுபோய் பாருங்க, ஸ்க்ரீன்ல ஒண்ணாத் தெரிஞ்ச ரெண்டு கறுப்பு அங்க தனித்தனியா தெரியும்.