சிறு அலுவலகத்துக்கு இசிசி நினைவகம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், கணினி பொருத்தித் தரும் தொழிலைப் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஓர் இளைஞர், ஒரு தணிக்கையாளர் அலுவலகத்துக்காகத் தயாரித்த விலைப்புள்ளியை என்னிடம் காட்டிச் சரிபார்க்கச் சொன்னார். எட்டு மேசைக் கணினிகள், டேலி தரவும் ஸ்கேன் செய்த ஆவணங்களும் இருக்கும் ஒரு கோப்பு சர்வர். சர்வருக்குப் பிழைதிருத்தும் நினைவகமான இசிசி ராம் எழுதியிருந்தார். செயலியின் பெயரைப் படித்ததும், "தம்பி, இந்தச் செயலியில் இசிசி வேலை செய்யாதே" என்றேன். "கடையில் கேட்டேன் சார், போர்டில் ஏறும் என்றார்கள்" என்றார். ஏறும் என்பது உண்மைதான். 2021இல் ஓர் அலுவலக சர்வருக்கு ராம் வாங்கியபோது நானும் அதை நம்பித்தான் பணத்தைத் தொலைத்தேன்.

ராமைச் சரியாக அழுத்திப் பொருத்தாதது, வேகம் பொருந்தாத இரண்டு குச்சிகளைக் கலப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை முதல் நாளிலேயே தெரிந்துவிடும். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தெரியவரும் தவறுகளே செலவு வைப்பவை.

ராம் ஏறிவிட்டது, ஆகவே இசிசி இயங்குகிறது என்று எண்ணுவது

சாதாரண ராம் ஒரு நேரத்தில் 64 பிட்டுகளைச் செயலிக்கு அனுப்புகிறது. டிடிஆர்4 வகை இசிசி ராம் அவற்றுடன் 8 சரிபார்ப்புப் பிட்டுகளையும் சேர்த்து 72 பிட்டுகளாக அனுப்புகிறது. ஒரு பக்கத்தில் எட்டுச் சில்லுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருப்பதன் காரணம் இதுவே. ஆனால் அந்தக் குச்சி எதையும் தானே திருத்துவதில்லை. சரிபார்ப்புப் பிட்டுகளைக் கணக்கிட்டு எழுதுவதும், திரும்பப் படிக்கும்போது ஒப்பிடுவதும், ஒரு பிட் புரண்டிருந்தால் திருத்துவதும், இரண்டு புரண்டிருந்தால் அதைக் கண்டறிந்து அறிவிப்பதும் செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதியின் வேலை. செயலியில் அந்த வசதி இல்லாவிட்டாலோ, மதர்போர்டில் அந்த எட்டுத் தடங்கள் இணைக்கப்படாவிட்டாலோ, பயாஸ் அதை அணைத்து வைத்திருந்தாலோ, ஒன்பதாவது சில்லு சும்மா அமர்ந்திருக்கும். கணினி எந்தக் குறையும் சொல்லாமல் கிளம்பும்.

ஏஎம்டியின் ஏஎம்4 வகையில், உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட ரைசன் 5000 வரிசைச் செயலிகளில் புரோ என்ற அடைமொழி உள்ளவற்றுக்கே இசிசி உண்டு. 5600G போன்ற சாதாரண ஜி செயலிகளுக்கு இல்லை. தனி கிராபிக்ஸ் அட்டை வாங்கும் செலவை மிச்சப்படுத்த நான் தேர்ந்தெடுத்தது அந்த 5600G. மதர்போர்டின் விவரப் பக்கத்தில் இசிசி ராம் ஏற்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. எந்தச் செயலியுடன் என்பதைச் சொல்லும் அடிக்குறிப்பு அதே பக்கத்தின் கடைசியில், கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய அளவில் இருந்தது. நான் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டேன். சில போர்டுகள், இசிசி ராமை ஏற்றாலும் non-ECC mode என்னும் நிலையில்தான் அது இயங்கும் என்று எழுதியிருக்கும். அதன் பொருள், கூடுதல் விலை கொடுத்துச் சாதாரண ராம் வாங்கியிருக்கிறீர்கள் என்பதே. இப்படி எழுதும் வழக்கம் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

லினக்ஸும் சாம்பாவும் போட்ட அந்த சர்வர் இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள், மூன்று மாதங்களுக்கு முன் சேமித்த ஒரு ஸிப் கோப்பு திறக்க மறுப்பதாக அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. வட்டில்தான் கோளாறு என்று எண்ணி வட்டை மாற்றினேன். அடுத்த வாரம் இன்னொரு கோப்பு. அப்போதுதான் 40 ஜிபி அளவுள்ள ஒரு பேக்கப் கோப்புக்கு, அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும் sha256sum கட்டளையை மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் வெவ்வேறு விடைகள் வந்தன. யாரும் தொடாத கோப்புக்கு விடை மாறினால், படிக்கும் வழியில் ஏதோ ஒன்று பிட்டுகளைப் புரட்டுகிறது என்று பொருள். (கோப்பு ராமைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் முறை ராமில் தங்கிய பிரதியையே படித்து ஒரே விடையைத் தரும். அந்தக் கணினியில் இருந்தது 32 ஜிபி.) இரவு முழுவதும் ராமைச் சோதிக்கும் Memtest86+ நிரலை ஓடவிட்டபோது, ஒரு குச்சியில் ஒரே முகவரிப் பகுதியில் ஒரே பிட் திரும்பத் திரும்பத் தவறுவது தெரிந்தது.

ஒரு பிட் தானே என்று எண்ணக் கூடாது. எழுத்துக்கோப்பில் 1 என்னும் இலக்கத்தின் குறியீடு 00110001. 9இன் குறியீடு 00111001. நடுவில் ஒரு பிட் புரண்டால், வங்கியிலிருந்து இறக்கிய பட்டியலில் 1,250 ரூபாய் 9,250 ஆகிவிடும், கோப்பும் எந்தத் தடையுமின்றித் திறக்கும். ஸிப் கோப்புகள் தங்களுக்குள் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால் திறக்க மறுத்தன. அந்த மறுப்பால்தான் நாங்கள் பிழைத்தோம். பேக்கப்பும் அதே கணினியின் ராம் வழியாகத்தான் போகிறது என்பதால், பல வாரப் பிரதிகளில் எது நல்லது என்று சொல்ல முடியவில்லை. அலமாரியில் இருந்த பழைய மாதாந்திர வட்டை எடுத்து, அதற்குப் பின் நடந்த பதிவுகளை இரண்டு பேர் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து காகிதத்திலிருந்து மறுபடி ஏற்றினார்கள். அவர்களுடைய கூலியை நான்தான் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு, முதல் நாளே அடித்திருக்க வேண்டிய கட்டளையை அடித்துப் பார்த்தேன்:

```
sudo dmesg | grep -i edac
```

DRAM ECC disabled என்று பதில் வந்தது. இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. செயலியை 5600க்கு மாற்றி, விலை குறைந்த ஒரு கிராபிக்ஸ் அட்டையைச் செருகியதும் enabled என்று வந்தது.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பவர்ஷெல்லில் இதைப் பார்க்கலாம்:

```
Get-CimInstance Win32_PhysicalMemoryArray |
  Select-Object MemoryErrorCorrection
```

3 என்றால் இல்லை. 5 அல்லது 6 என்றால் இருக்கிறது. ஆனால் இது பயாஸ் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் விவரம் மட்டுமே. லினக்ஸில் dmidecode காட்டும் 72 பிட் அகலமும் அப்படித்தான். எனவே, தரவை ஏற்றுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, பயாஸில் ராம் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, வேண்டுமென்றே சிறு பிழைகளை வரவழைத்து, கீழேயுள்ள கட்டளை காட்டும், திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

```
grep . /sys/devices/system/edac/mc/mc*/ce_count
```

எண் ஏறினால் திருத்தமும் நடக்கிறது, அறிவிப்பும் வருகிறது. எண் ஏறாமல் கணினி மட்டும் விழுந்தால் அந்தப் போர்டை நான் சர்வருக்குப் பயன்படுத்துவதில்லை. சோதனை முடிந்ததும் வேகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ வேண்டும்.

எண்ணிக்கையை யாரும் பார்க்காமல் விடுவது

விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பிட்டைப் புரட்டும் என்ற கதையைச் சொல்லித்தான் இசிசி பெரும்பாலும் விற்கப்படுகிறது. அது பொய்யில்லை. ஆனால் கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு கணினி திருத்தப்பட்ட பிழை ஒன்றையாவது கண்டது என்பதோடு, பிழைகள் எல்லாக் கணினிகளிலும் பரவாமல் சிலவற்றிலேயே குவிந்திருந்தன என்பதும், ஒருமுறை பிழை கண்ட குச்சியிலேயே மறுபடியும் பிழை வர வாய்ப்பு அதிகம் என்பதும் தெரியவந்தன. சிறு அலுவலகத்தில் நாம் உண்மையில் வாங்குவது, பழுதாகத் தொடங்கிய குச்சியைப் பற்றிய முன்னறிவிப்பு. அந்த அறிவிப்பு பதிவேட்டுக்குள் கிடந்தால் பயனில்லை. லினக்ஸில் இந்தப் பிழைகளைப் பதிவுசெய்யும் rasdaemon நிறுவி, ce_count ஏறினால் மின்னஞ்சல் அனுப்பும்படி செய்கிறேன். விண்டோஸில் நிகழ்வுப் பதிவேட்டில் WHEA-Logger என்ற பெயரில் வரும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு வந்தால் விட்டுவிடலாம். ஒரே குச்சியில் ஒரே வாரத்தில் பலமுறை வந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும்.

டிடிஆர்5இல் இசிசி உள்ளேயே இருக்கிறது என்று நம்புவது

எல்லா டிடிஆர்5 சில்லுகளுக்குள்ளும் ஒரு திருத்த ஏற்பாடு இருப்பது உண்மை. அடர்த்தி கூடியதால் சில்லுக்குள் நேரும் பிழைகளை அங்கேயே மறைக்க அது வைக்கப்பட்டது. சில்லிலிருந்து செயலிக்குப் போகும் வழியில் நேரும் பிழையை அது காணாது. எதைத் திருத்தியது என்பதை இயங்குதளத்துக்கும் சொல்லாது. முன்னறிவிப்புக்காகத்தான் பணம் கொடுக்கிறோம் என்றால், இது அதற்கு ஈடாகாது.

ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் பழைய சர்வர் ராமை வாங்குவது

அவை பெரும்பாலும் ரெஜிஸ்டர்டு வகை. மேசைக் கணினி போர்டில் கிளம்பாது.

எல்லா மேசைகளுக்கும் வாங்குவது

வேண்டாம். தரவு தங்கும் ஒரு கணினிக்குப் போதும்.

வொர்க்ஸ்டேஷன் போர்டின் விலையில் எது நமக்கு உரியது என்று பிரிக்காதது

இன்டெல் பக்கம் போனால் இந்தச் செலவு தவிர்க்க முடியாதது. 12ஆம் தலைமுறை முதல் கோர் வரிசைச் செயலிகள் பலவற்றில் இசிசி இருந்தாலும், W680 போன்ற வொர்க்ஸ்டேஷன் சிப்செட் உள்ள போர்டில்தான் அது விழிக்கும். ஏஎம்டி பக்கத்தில், தயாரிப்பாளர் தெளிவாக உறுதி சொல்லியிருக்கும் சாதாரண போர்டே போதும். வொர்க்ஸ்டேஷன் போர்டுகளின் விலையில் பெரும்பகுதி கூடுதல் பிசிஐ இடங்களுக்கும், மிக அதிக ராம் கொள்ளளவுக்கும் போகிறது. டேலியும் பிடிஎஃப்பும் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு இரண்டும் தேவையில்லை. பணம் கொடுக்கத் தகுந்தது என்று நான் கருதுவது ஒன்றுதான்: சில போர்டுகளில் இருக்கும் தொலை மேலாண்மைச் சில்லு. கணினி உறைந்து நின்றாலும் வெளியூரிலிருந்தே திரையைப் பார்த்து, அணைத்து, மறுபடி கிளப்பலாம். அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வாடிக்கையாளருக்கு அதைப் பரிந்துரைப்பேன். அடுத்த தெருவில் இருப்பவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

யுபிஎஸ் இல்லாமல் இசிசி வாங்குவது

முதலில் யுபிஎஸ்.

அந்த இளைஞர் விலைப்புள்ளியைத் திருத்தினார். மேசைக் கணினிகளைத் தொடவில்லை. சர்வரில் ஜி செயலியை எடுத்துவிட்டு, கிராபிக்ஸ் இல்லாத செயலியும் பழைய கிராபிக்ஸ் அட்டை ஒன்றும் போட்டார். ராம் அதேதான். போன சனிக்கிழமை வேகத்தைக் கூட்டிச் சோதித்தபோது எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து பதினேழுக்கு ஏறியதாகத் திரையைப் படமெடுத்து அனுப்பினார்.